அம்புக்குறியில் என்ன போகிறது: டி.எஃப்.டி.யும் ஃப்ளோசார்ட்டும்

கேள்வி: "நூலக இரவல் மென்பொருளுக்கு டேட்டா ஃப்ளோ டயகிராம் வரையச் சொன்னார்கள். உறுப்பினர் வருகிறார், அட்டையைச் சரிபார், அபராதம் இருக்கிறதா, நூலைக் கொடு, பதிவு செய் என்று வரைந்து கொடுத்தேன். 'இது ஃப்ளோசார்ட்' என்று திருப்பிவிட்டார்கள். இரண்டிலும் பெட்டியும் அம்புக்குறியும்தானே? என்ன வித்தியாசம், எப்போது எதை வரைய வேண்டும்?"

பெட்டிகளை விட்டுவிட்டு முதலில் அம்புக்குறிகளைப் பாருங்கள். ஃப்ளோசார்ட்டில் ஓர் அம்புக்குறி சொல்வது "இந்த வேலை முடிந்ததும் அங்கே போ" என்பதைத்தான். அதன் வழியே பொருளோ தகவலோ எதுவும் போவதில்லை. அடுத்தது யார் முறை என்பது மட்டும் கைமாறுகிறது. டேட்டா ஃப்ளோ டயகிராமில், சுருக்கமாக டி.எஃப்.டி.யில், அம்புக்குறி என்பது பெயருள்ள ஒரு தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. எப்போது போகிறது, முதலில் போகிறதா கடைசியில் போகிறதா, ஒரு நாளில் எத்தனை தடவை போகிறது என்று அந்தப் படம் வாயே திறக்காது.

உங்கள் படத்தில் "அட்டையைச் சரிபார்" என்ற பெட்டியிலிருந்து "அபராதம் இருக்கிறதா" என்ற சாய்சதுரத்துக்குப் போகும் கோட்டில் விரலை வைத்து "இதில் என்ன போகிறது?" என்று கேளுங்கள். சொல்ல ஒன்றும் இருக்காது. அடுத்து இந்த வேலை, அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் அதுதான். டி.எஃப்.டி.யில் ஒவ்வொரு கோட்டுக்கும் "இரவல் கோரிக்கை", "உறுப்பினர் நிலை", "ரசீது" என்று ஒரு பெயர்ச்சொல்லைப் பதிலாகச் சொல்ல முடிய வேண்டும். "சரிபார்த்த பிறகு", "அபராதம் இல்லையென்றால்" போன்ற சொற்கள்தான் கோட்டின் மேல் எழுத வருகின்றன என்றால், கை வரைந்துகொண்டிருப்பது ஃப்ளோசார்ட்.

சின்னங்களும் இதையொட்டியே அமைந்தவை. ஃப்ளோசார்ட்டில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் முனை உருண்ட பெட்டி, வேலைக்குச் செவ்வகம், கேள்விக்குச் சாய்சதுரம், உள்ளீடு வெளியீட்டுக்கு இணைகரம். டி.எஃப்.டி.யில் சின்னங்கள் நான்கே. அமைப்புக்கு வெளியே இருந்து தகவல் தருபவரோ பெறுபவரோ எக்ஸ்டர்னல் என்டிட்டி, தகவலை வாங்கி மாற்றித் தருவது பிராசஸ், தகவல் தங்கியிருக்கும் இடம் டேட்டா ஸ்டோர், நான்காவது அம்புக்குறி. பிராசஸை வட்டமாக வரைவது யோர்டன், டிமார்கோ வழி. முனை உருண்ட செவ்வகமாக வரைவது கேன், சார்சன் வழி. இரண்டும் 1970களின் பிற்பகுதியில் பரவியவை. எதை எடுத்தாலும் சரிதான், ஒரே படத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். டி.எஃப்.டி.யில் தொடக்கம் கிடையாது, முடிவு கிடையாது, சாய்சதுரம் கிடையாது. இந்த மூன்றில் ஒன்று தென்பட்டாலே மதிப்பிடுபவர் மேற்கொண்டு படிக்க மாட்டார்.

பெயர்க் குழப்பத்துக்கு நீங்கள் மட்டும் பொறுப்பல்ல. ஃப்ளோசார்ட் சின்னங்களுக்கான 1985ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 5807 தரநிலையே "டேட்டா ஃப்ளோசார்ட்" என்று ஒரு வகையைச் சொல்கிறது. நாம் பேசும் டி.எஃப்.டி. அதுவல்ல. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வந்து விழும்.

உங்கள் நூலகத்தையே எடுத்து டி.எஃப்.டி.யாக வரைந்து பார்ப்போம். முதல் படம் கான்டெக்ஸ்ட் டயகிராம். நடுவில் ஒரே ஒரு வட்டம், அதில் "நூல் இரவல் அமைப்பு" என்று எழுதுங்கள். வெளியே உறுப்பினர். அவரிடமிருந்து இரவல் கோரிக்கை, திரும்பிய நூலின் எண், அபராதக் கட்டணம் ஆகியவை உள்ளே வருகின்றன. ரசீது, மறுப்பு, அபராதத் தொகை ஆகியவை அவருக்குப் போகின்றன. நூலகரை வெளியே போடுவதா என்று ஒரு சந்தேகம் வரும். உறுப்பினர் சொல்வதை அவர் தட்டச்சு செய்கிறார் என்பது மட்டுமே அவர் பங்கு என்றால், அவர் தகவல் வரும் வழிதான், தகவலின் மூலம் அல்ல, படத்தில் வேண்டாம். கெடு தாண்டிய நூல்களின் பட்டியல் அவருக்கென்று போகிறது என்றால் அவரும் ஓர் என்டிட்டி. நம் எடுத்துக்காட்டில் அந்தப் பட்டியல் வேண்டாம், உறுப்பினர் மட்டும் போதும்.

அடுத்த நிலையில் அந்த ஒற்றை வட்டத்தைப் பிரிக்கிறோம். முதல் முயற்சியில் மூன்று பிராசஸ் வரும்: 1 நூல் வழங்குதல், 2 நூலைத் திரும்பப் பெறுதல், 3 அபராதம் வசூலித்தல். டேட்டா ஸ்டோர் நான்கு: உறுப்பினர், நூல், இரவல், முன்பதிவு. பிராசஸ் 1க்குள் உறுப்பினரிடமிருந்து இரவல் கோரிக்கை வருகிறது. அதில் உறுப்பினர் எண்ணும் நூல் எண்ணும் இருக்கும். உறுப்பினர் ஸ்டோரிலிருந்து அவருடைய நிலையும் நிலுவைத் தொகையும், நூல் ஸ்டோரிலிருந்து நூலின் நிலையும், இரவல் ஸ்டோரிலிருந்து அவர் கையில் இப்போது இருக்கும் நூல்களின் எண்ணிக்கையும், முன்பதிவு ஸ்டோரிலிருந்து அந்த நூலுக்குக் காத்திருப்பவரின் எண்ணும் வருகின்றன. வெளியே போவது புதிய இரவல் பதிவு, மாறிய நூல் நிலை, உறுப்பினருக்கு ரசீது அல்லது மறுப்பு. "ரசீதும் மறுப்பும் இரண்டு அம்பாக வெளியே போகிறதே, இரண்டும் சேர்ந்தா போகும்?" என்று கேட்பார்கள். டி.எஃப்.டி. அதைச் சொல்வதில்லை. போகக்கூடியவை என்ன என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது.

பிராசஸ் 2க்குத் திரும்பிய நூலின் எண் வருகிறது, இரவல் ஸ்டோரிலிருந்து கெடு தேதி வருகிறது. முடிந்த இரவல் பதிவும் புதிய நூல் நிலையும் அந்தந்த ஸ்டோருக்குப் போகின்றன. தாமதமானால் அபராதத் தொகை உறுப்பினருக்கும், நிலுவையாக உறுப்பினர் ஸ்டோருக்கும் போகிறது. பிராசஸ் 3 கட்டணத்தை வாங்கி, உறுப்பினர் ஸ்டோரில் இருக்கும் நிலுவையைக் குறைக்கிறது.

படத்தை வரைந்து முடித்ததோடு வேலை முடிவதில்லை, சோதித்துப் பார்க்கும்போதுதான் டி.எஃப்.டி. தன் கூலியைக் கொடுக்கிறது. முதல் சோதனை இது: ஒரு பிராசஸிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தகவலையும், உள்ளே வரும் தகவல்களை மட்டும் வைத்து உண்டாக்க முடியுமா? பிராசஸ் 2 அபராதத் தொகையை வெளியே அனுப்புகிறது. தாமதமான நாட்களை ஒரு நாளைக்கான விகிதத்தால் பெருக்கினால் தொகை. கெடு தேதி உள்ளே வருகிறது. திரும்பிய தேதி கணினியிடம் இருக்கிறது. விகிதம் எங்கிருந்து வருகிறது? எந்த அம்பிலும் இல்லை. பிராசஸ் 1லும் இதே ஓட்டை உண்டு. ஒருவர் அதிகபட்சம் எத்தனை நூல் வைத்திருக்கலாம், எத்தனை நாளுக்கு என்ற எண்கள் எங்கிருந்தும் வரவில்லை. ஆக "இரவல் விதிகள்" என்று ஐந்தாவது ஸ்டோர் ஒன்று தேவை, அதை மாற்றுபவர் யார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. அப்போது நூலகர் ஓர் என்டிட்டியாக உள்ளே வந்தாக வேண்டும், விதிகளை மாற்ற ஒரு பிராசஸும் வேண்டும். நீங்கள் வரைந்த ஃப்ளோசார்ட்டில் இது கண்ணில் படவே படாது. சாய்சதுரத்துக்குள் "4 நூல் இருக்கிறதா?" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம், அந்த 4 நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், விதி மாறும் நாளில் நிரலைத் திருத்த ஆள் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது சோதனை ஸ்டோர்களுக்கானது. படிக்கப்படும் ஒவ்வொரு ஸ்டோரிலும் யாராவது எழுத வேண்டும். முன்பதிவு ஸ்டோரைப் பிராசஸ் 1 படிக்கிறது, ஆனால் அதற்குள் போகும் அம்பு ஒன்றுகூட இல்லை. முன்பதிவை ஏற்கும் பிராசஸை மறந்திருக்கிறோம், கான்டெக்ஸ்ட் டயகிராமில் "முன்பதிவு கோரிக்கை" என்ற அம்பையும் சேர்த்தே மறந்திருக்கிறோம். காத்திருந்தவர் நூலை எடுத்துச் சென்ற பிறகு அந்தப் பதிவை நீக்குவது யார் என்பதும் இப்போதுதான் தோன்றும். உறுப்பினர், நூல் ஸ்டோர்களில் புதிய பதிவு எப்படி உண்டாகிறது என்பதற்கும் இதே விசாரணை உண்டு. ஒருவேளை வேறொரு மென்பொருள் அதைச் செய்கிறது என்றால், அந்த மென்பொருளை என்டிட்டியாக வெளியே காட்டுங்கள்.

விதிமீறல்களில் அடிக்கடி வருவது இரண்டு. என்டிட்டியிலிருந்து ஸ்டோருக்கு நேரடியாக அம்பு போடுவது ஒன்று. ஸ்டோரிலிருந்து ஸ்டோருக்கு நேராகப் போடுவது மற்றொன்று. தகவல் தானாக நகராது, இடையில் ஏதாவது ஒரு பிராசஸ் இருந்தாக வேண்டும். அம்பின் ஒரு முனையிலாவது பிராசஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் இரண்டும் அகப்பட்டுவிடும். இன்னொன்று, நூல் என்ற பொருளையே அம்பில் அனுப்புவது. சில வரைமுறைகளில் பொருள் நகர்வுக்கென்று தனி அம்பு உண்டு; பொதுவாக டி.எஃப்.டி.யில் போவது நூலைப் பற்றிய தகவல்தான். "நூலைக் கொடு" என்ற உங்கள் பெட்டி மேசையில் நடக்கும் வேலை, மென்பொருளுக்கு அதில் பங்கு இல்லை.

இனி ஃப்ளோசார்ட் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். பிராசஸ் 1 என்ற வட்டத்துக்குள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று டி.எஃப்.டி. சொல்லவில்லை அல்லவா, அந்த இடத்தில்தான். கோரிக்கையை வாங்கு என்று தொடங்கி, உறுப்பினர் நிலை செல்லுமா, நிலுவை இருக்கிறதா, கையில் இருக்கும் நூல்கள் வரம்பை எட்டிவிட்டனவா, நூலுக்கு வேறொருவர் காத்திருக்கிறாரா என்று நான்கு சாய்சதுரங்கள். எல்லாவற்றையும் தாண்டினால் இரவல் பதிவை எழுது, நூல் நிலையை மாற்று, ரசீது கொடு, முடிவு. ஒவ்வொரு சாய்சதுரத்திலிருந்தும் இரண்டு வழி வெளியேற வேண்டும், இரண்டிலும் "ஆம்", "இல்லை" என்று எழுதியிருக்க வேண்டும். மறுப்புக்குப் போகும் நான்கு கோடுகளும் முடிவில் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். மறுப்பு எழுதிவிட்டு அந்தரத்தில் நிற்கும் பெட்டிதான் மாணவர் படங்களில் வழக்கமாகக் காணக்கிடைக்கும் குறை.

ஃப்ளோசார்ட்டைச் சோதிக்கும் வழியே வேறு. எண்களைக் கொடுத்து விரலால் நடந்து பார்க்க வேண்டும். வரம்பு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 3 நூல் இருப்பவர் வந்தால் வழங்க வேண்டும், 4 இருப்பவர் வந்தால் மறுக்க வேண்டும். சாய்சதுரத்தில் "எண்ணிக்கை 4ஐ விட அதிகமா?" என்று எழுதியிருந்தால் 4 நூல் வைத்திருப்பவர் ஐந்தாவதையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வரம்புக்கு ஒன்று குறைவாக, சரியாக வரம்பில், ஒன்று கூடுதலாக என மூன்று எண்களை ஓட்டிப் பார்த்தால் இந்த வகைத் தவறு தப்பாது. டி.எஃப்.டி.யை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இது அதில் தெரியாது.

வரிசை பற்றிய கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது. ஒருவருக்கு நிலுவையும் இருக்கிறது, அவர் கேட்கும் நூலுக்கு வேறொருவர் காத்திருக்கவும் செய்கிறார். மேலே சொன்ன வரிசைப்படி முதலில் நிலுவைக்காக மறுப்பு வரும். அவர் பணத்தைக் கட்டிவிட்டு மறுபடி கேட்பார். இப்போது நூல் இன்னொருவருக்கு என்று இரண்டாவது மறுப்பு வரும். மேசையில் சச்சரவுக்கு இது போதும். முன்பதிவைப் பார்க்கும் சாய்சதுரத்தை முன்னே நகர்த்தலாம், அல்லது காரணங்கள் அனைத்தையும் திரட்டிக் கடைசியில் ஒரே மறுப்பாகச் சொல்லலாம். எது நல்லது என்பது நூலகம் முடிவு செய்ய வேண்டிய விஷயம், ஆனால் அப்படி ஒரு முடிவு தேவை என்று காட்டிக்கொடுத்தது ஃப்ளோசார்ட். டி.எஃப்.டி.யில் இரண்டு தகவலும் வட்டத்துக்குள் வருகின்றன என்ற அளவோடு நின்றிருக்கும்.

ஆக நீங்கள் வரைந்தது வீணான படம் இல்லை. அது பிராசஸ் 1இன் உட்புறம்; அதையே முழு அமைப்பின் படமாகக் கொடுத்ததுதான் பிரச்சினை. டி.எஃப்.டி.யை வைத்துக்கொண்டு, முடிவுகள் சிக்கலாக இருக்கும் பிராசஸுக்கு மட்டும் ஃப்ளோசார்ட்டைப் பின்னிணைப்பாகக் கொடுங்கள். பிராசஸ் 3க்கு அது தேவையே இல்லை, இரண்டு வரியில் எழுதிவிடலாம். நிபந்தனைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ஃப்ளோசார்ட்டும் கைகொடுக்காது. ஆம், இல்லை என்று பதில் வரும் நான்கு நிபந்தனைகளுக்கே 16 சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நடவடிக்கை என்றால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். அப்போது முடிவு அட்டவணை போட்டுவிடுவது நல்லது. நம் பிராசஸ் 1இல் ஏதாவது ஒன்று தடுத்தாலும் மறுப்பு என்பதால் அந்த அளவுக்குப் போகவில்லை.

பிராசஸ் 1ஐ டி.எஃப்.டி.யிலேயே இன்னும் பிரிக்க விரும்பினால் 1.1 உறுப்பினர் தகுதி பார்த்தல், 1.2 நூல் கிடைக்குமா பார்த்தல், 1.3 இரவல் பதிதல் என்று போகலாம். அப்போது கவனிக்க வேண்டியது, தாய்ப் படத்தில் பிராசஸ் 1க்குள் வந்த, வெளியே போன அம்புகள் அத்தனையும் குழந்தைப் படத்தின் விளிம்பிலும் இருக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. இதைச் சமநிலை பார்த்தல் என்பார்கள். விதிகள் ஸ்டோரைக் கீழ்ப்படத்தில் கண்டுபிடித்து அங்கே மட்டும் சேர்த்துவிட்டு மேலே சேர்க்காமல் விடுவதுதான் மதிப்பெண் போகும் இடம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1.1, 1.2, 1.3 என்ற எண்களைப் பார்த்து அதுதான் வரிசை என்று நினைக்க வேண்டாம். அவை அடையாள எண்கள், 1.2 முதலில் நடந்தாலும் படம் தவறாகாது.

சில விஷயங்களில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை, அதனால் மதிப்பிடுபவரிடம் கேட்டுவிடுவது நல்லது. கான்டெக்ஸ்ட் டயகிராமையே நிலை 0 என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு அடுத்த படத்தைத்தான் நிலை 0 என்று சொல்பவர்களும் உண்டு. ஸ்டோருக்கும் பிராசஸுக்கும் இடையில் முழுப் பதிவும் போனால் அம்புக்குப் பெயர் வேண்டாம் என்பது ஒரு பழக்கம். எப்போதும் எழுது என்பது இன்னொன்று, கற்கும்போது இரண்டாவதைப் பின்பற்றுங்கள். எங்காவது டி.எஃப்.டி.யில் புள்ளிக்கோட்டு அம்பைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். உடனடி எதிர்வினை தேவைப்படும் அமைப்புகளுக்காக 1980களில் வார்டும் மெல்லரும் விரிவாக்கிய வடிவத்தில் கட்டளை போவதை அப்படிக் காட்டுவார்கள். சாதாரண டி.எஃப்.டி.யில் அது இல்லை.

எதை எப்போது என்பதற்கு என் அளவுகோல், படத்தை வைத்துக்கொண்டு கேட்கப்போகும் கேள்வி எது என்பதே. தகவல் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, யார் கைக்குப் போகிறது என்று கேட்பதாக இருந்தால் டி.எஃப்.டி.தான் வேண்டும். புது மென்பொருளின் எல்லையை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து முடிவு செய்வது, பழைய அமைப்பை மாற்றும்போது எந்தக் கோப்பை யார் படிக்கிறார்கள் என்று தேடுவது, தனிப்பட்ட விவரம் எங்கெல்லாம் கசியலாம் என்று பார்ப்பது எல்லாம் அதன் வேலை. பாதுகாப்புச் சோதனை செய்பவர்கள் டி.எஃப்.டி.யின் மேலேயே, நம்பக்கூடிய பகுதியையும் நம்ப முடியாத பகுதியையும் பிரிக்கும் நம்பிக்கை எல்லைகளைப் புள்ளிக்கோடாக வரைந்து, அந்தக் கோட்டைத் தாண்டும் அம்புகளை ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். ஒரு வேலையை எந்த வரிசையில், எந்த நிபந்தனையில், எத்தனை தடவை திரும்பத் திரும்பச் செய்வது என்று கேட்பதாக இருந்தால் ஃப்ளோசார்ட். அல்காரிதம் விளக்குவது, பழுது பார்க்கும் வழிமுறை, ஒரு விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்ற நடைமுறை எல்லாம் அங்கே சேரும். பத்து வரி நிரலுக்கு ஃப்ளோசார்ட் வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், நிரலே படிக்க எளிதாக இருக்கும். நிரலைத் திருத்துபவர்கள் படத்தைத் திருத்துவதும் அபூர்வம்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு டி.எஃப்.டி.யில் ஏழெட்டுப் பிராசஸுக்கு மேல் வந்தால் ஒரு நிலை கீழே பிரியுங்கள். ஃப்ளோசார்ட் ஒரு பக்கத்தைத் தாண்டினால், ஒரு பகுதியைத் துணைச் செயல்முறையாக வெட்டித் தனித் தாளில் வையுங்கள்.

இரண்டுக்கும் பிடிபடாத ஒன்று உங்கள் ப்ராஜெக்டிலேயே இருக்கிறது. இரண்டு மேசைகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பிரதியைக் கேட்கிறார்கள். இரண்டு கணினியும் "நூல் இருக்கிறது" என்று படிக்கின்றன, இரண்டும் இரவல் பதிவை எழுதுகின்றன. டி.எஃப்.டி.யில் நேரமே இல்லை என்பதால் இந்த மோதல் தெரியாது. ஃப்ளோசார்ட் ஒருவர் ஒரு தடவை நடப்பதைத்தான் காட்டும் என்பதால் அதிலும் தெரியாது. அதைக் காட்ட நேர வரிசையில் செய்திகளை வரையும் சீக்வென்ஸ் டயகிராம் வேண்டும். தீர்வைப் பொறுத்தவரை, நிலையைப் படிப்பதையும் மாற்றுவதையும் பிரிக்க முடியாத ஒரே பரிவர்த்தனையாக டேட்டாபேஸில் செய்ய வேண்டும். வாய்மொழித் தேர்வில் இதைப் பற்றிக் கேட்டால், டி.எஃப்.டி.யில் அதற்கு இடம் தேடி ஒரு சாய்சதுரத்தைச் செருகிவிடாதீர்கள்.